பி.சி ஆன் ஆகலையா? மதர்போர்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, எஸ்.எம்.பி.எஸ்-ஐ செக் பண்ணுங்க!

நேத்து நைட் வரைக்கும் நல்லா ஓடின டெஸ்க்டாப். இன்னிக்குக் காலையில பவர் பட்டனை அமுக்கினா சத்தமே இல்லை. ஃபேன் சுத்தலை, லைட் எரியலை. உடனே பலருக்கும் மனசுல ஓடுறது, `போச்சு, மதர்போர்டு அவுட்' என்பதுதான். ஆனால், இப்படி மொத்தமாக அமைதியாகிப்போன கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கேபினெட்டின் ஒரு மூலையில் இருக்கும் அந்த இரும்புப் பெட்டியை. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரன்ட்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக்கொடுப்பது இதன் வேலை.

எஸ்.எம்.பி.எஸ் போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அதைக் கண்டுபிடிக்காமல் மதர்போர்டையும் சேர்த்து மாற்றினால், செலவு பல மடங்கு. அதனால எது போயிருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு கடைக்குப் போறது நல்லது.

முதல்ல, சும்மா இருக்கிற விஷயங்களைப் பாருங்க

அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயின்ட் ஓகே. யு.பி.எஸ் வழியாகக் கனெக்‌ஷன் போகுதுன்னா, அதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ் தான் பல நேரம் வில்லன். அப்புறம் பவர் கேபிள். மானிட்டருக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருக்கும், மாற்றிப் பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்-ஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஸ்விட்ச், கோடு போட்ட பக்கம் அமுங்கி இருக்கணும். வட்டம் போட்ட பக்கம் அமுங்கி இருந்தால் ஆஃப்னு அர்த்தம். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு இது ஆஃப் ஆவதும் உண்டு!

இதெல்லாம் சரியா இருந்தும் அசைவே இல்லைன்னா, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் பிளக் போட்டதுமே ஒரு சின்ன லைட் எரியும். கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ் ஒரு 5 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அது எரிகிறது. எப்போதும் எரிந்த அந்த லைட் இப்போ எரியலைன்னா சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல வலுக்குது. எரிந்தால், கேபினெட்டின் பவர் பட்டனே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

டெஸ்டர் என்ன சொல்லும்?

எஸ்.எம்.பி.எஸ் டெஸ்டர் என்பது உள்ளங்கை அளவு இருக்கும் சின்னக் கருவி. சில நூறு ரூபாயில் கிடைக்கும். பயன்படுத்துவதும் சுலபம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் பெரிய 24 பின் கனெக்டரையும், பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி, டெஸ்டரில் சொருகுங்கள். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயர்களையும் கழற்றிவிடுங்கள். இப்போ பிளக்கைப் போட்டு ஸ்விட்சை ஆன் பண்ணுங்கள்.

டிஸ்ப்ளே எதுவுமே காட்டலைன்னா, எஸ்.எம்.பி.எஸ் செத்துப்போச்சு. நம்பர் காட்டினால், 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்கணும். 5 வோல்ட், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில். 3.3 வோல்ட், 3.14-க்கும் 3.47-க்கும் நடுவில். அதாவது, 5 சதவிகிதம் கூடலாம், குறையலாம். எண்ணுக்குப் பதிலாக `LL' என்று வந்தால் அந்த லைனில் வோல்ட்டேஜ் ரொம்பக் குறைவு அல்லது வரவே இல்லை; `HH' என்றால் அதிகம்.

கூடவே `PG' என்று ஒரு எண் வரும். `எல்லா வோல்ட்டேஜும் நிலையா வந்துடுச்சு, இனி நீ ஸ்டார்ட் ஆகலாம்' என்று எஸ்.எம்.பி.எஸ் மதர்போர்டுக்குக் கொடுக்கும் சிக்னல் அது. ஆன் ஆனதிலிருந்து அந்த சிக்னல் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்பதைத்தான் காட்டுகிறது. 100-லிருந்து 500-க்குள் இருந்தால் நார்மல். இந்த சிக்னல் வரலைன்னா, வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில புது மாடல்களில், சூடு ஏறும் வரை ஃபேன் சுத்தாது. அதனால் `ஃபேன் சுத்தலை, செத்துப்போச்சு'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. டெஸ்டர் காட்டும் நம்பரைப் பாருங்கள்.

டெஸ்டர் `பாஸ்' போட்டாலும் ஏமாறாதீங்க

இங்கேதான் பலரும் சறுக்குவாங்க. டெஸ்டர் இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவு. கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் இழுப்பதோ பல நூறு வாட். வெறுங்கையோடு நடக்கச் சொன்னா நடந்துடுவார், அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னா முட்டி மடங்கிடும். அந்த மாதிரிதான் வயசான எஸ்.எம்.பி.எஸ். ஆக, டெஸ்டர் `ஃபெயில்' என்றால் நம்பலாம். `பாஸ்' என்றால் பாதிதான் நம்பணும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஐந்து வருஷம் ஓடின வீடியோ எடிட்டிங் பி.சி, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பிரவுசிங், பாட்டு, டைப்பிங் எதிலும் பிரச்னை இல்லை. ஆனால், எக்ஸ்போர்ட் கொடுத்த பத்தாவது நிமிஷம் பட்டுனு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகுது. நீலத் திரை எதுவும் வரலை. விண்டோஸின் Event Viewer-ல் பார்த்தால் Kernel-Power 41 என்ற பதிவு. அதன் Details பகுதியில் BugcheckCode 0.

இந்தப் பதிவைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ்தான்னு முடிவு கட்டக் கூடாது. `முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோச்சு' என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் இதே பதிவுதான் வரும். பிராசஸர் சூடாகியும் ஆஃப் ஆகியிருக்கலாம். அதனால் அடுத்து டெம்பரேச்சரைப் பார்த்தால், எக்ஸ்போர்ட்டின்போதும் 75 டிகிரியைத் தாண்டலை. சூடு காரணமில்லை. டெஸ்டரில் போட்டால் 12.1 வோல்ட், PG 280. எல்லாமே பாஸ்!

இப்போ செய்ய வேண்டியது, மாற்றிப் பார்ப்பது. நண்பரின் நன்றாக ஓடும் பி.சி-யிலிருந்து 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்-ஸைக் கடன் வாங்கி மாட்டி, அதே வீடியோவை, அதே செட்டிங்கில் மூன்று முறை எக்ஸ்போர்ட் பண்ணினால், ஒரு முறைகூட ரீஸ்டார்ட் ஆகலை. பழையதைத் திரும்ப மாட்டினால், மறுபடியும் ஆஃப். திரும்ப மாட்டிப் பார்க்கும் இந்தக் கடைசி ஸ்டெப் முக்கியம். ஏன்னா, வயரைக் கழற்றி மாட்டும்போது லூஸ் கனெக்‌ஷன் சரியாகி, அதனால் பிரச்னை போயிருக்கவும் வாய்ப்பிருக்கு. பழையது மறுபடி சொதப்பினால்தான் தீர்ப்பு உறுதி.

மாற்றும்போது இந்த மூணையும் மறக்காதீங்க

நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ஸை சந்தேகத்துக்குரிய கம்ப்யூட்டரில் மாட்டலாம். சந்தேகத்துக்குரிய எஸ்.எம்.பி.எஸ்-ஸை நல்ல கம்ப்யூட்டரில் மாட்டக் கூடாது. அது தப்பான வோல்ட்டேஜை அனுப்பினால் நண்பரின் மதர்போர்டும் சேர்ந்து போகும், நட்பும் போகும்.

வயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையாக இருந்தால், அந்த எஸ்.எம்.பி.எஸ்-உடன் வந்த வயர்களையே பயன்படுத்துங்கள். எஸ்.எம்.பி.எஸ் பக்கத்து சாக்கெட்டில் எந்த பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால், 5 வோல்ட் போக வேண்டிய ஹார்டு டிஸ்க்குக்கு 12 வோல்ட் போனால் டிஸ்க்கும் டேட்டாவும் காலி.

மூணாவது, பிராண்டட் ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் சிலவற்றில் கனெக்டரே தனி மாடலாக இருக்கும். 24 பின் இல்லைன்னா சாதாரண எஸ்.எம்.பி.எஸ்-ஸும் டெஸ்டரும் அதற்குச் செட் ஆகாது. அழுத்திச் சொருகாதீங்க.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ஸை மாட்டியும் ஃபேன் ஒரு சுற்று அசைந்து நின்றால், வேறு எங்கேயோ ஷார்ட் இருக்கு, எஸ்.எம்.பி.எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினதும் ஆன் ஆகுதோ, அதுதான் குற்றவாளி. எல்லாத்தையும் கழற்றியும் ஆன் ஆகலைன்னாதான் மதர்போர்டு பக்கம் திரும்பணும்.

சாகறதுக்கு முன்னாடி அது சொல்ற விஷயங்கள்

பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ் திடீர்னு போறதில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் மெள்ள மெள்ள வலு இழக்கின்றன. காலையில் முதல் முறை பட்டனை அமுக்கினால் ஆன் ஆகாமல், இரண்டு மூன்று முறை முயன்ற பிறகு ஆன் ஆவது அதன் ஆரம்ப அறிகுறி. கேம், எக்ஸ்போர்ட் மாதிரி கனமான வேலையில் மட்டும் ரீஸ்டார்ட் ஆவது அடுத்தது.

நம்ம ஊரில் எளிதாகக் கவனிக்கக்கூடிய இன்னொரு அறிகுறியும் இருக்கு. லைட் ஒரு முறை கண் சிமிட்டுகிற அளவுக்குக் கரன்ட் தடுமாறினால், நல்ல எஸ்.எம்.பி.எஸ் உள்ளே சேமித்து வைத்ததை வைத்து, சுமார் 16 மில்லி செகண்ட் வரை சமாளிக்கும். யு.பி.எஸ் பேட்டரிக்கு மாறும் இடைவெளியைக் கடக்க இது போதும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அசராமல் ஓடின கம்ப்யூட்டர், இப்போ ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா, ஒன்று யு.பி.எஸ் பேட்டரி போயிருக்கணும், இல்லைன்னா கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கணும்.

கருகிய வாசனை, `டப்' என்ற சத்தம், புகை இதில் எது வந்தாலும் டெஸ்ட் எதுவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள், திரும்ப ஆன் பண்ணாதீர்கள்.

`உள்ளே என்னதான் ஆச்சு, திறந்து பார்ப்போமே' என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கலாம். வாரன்ட்டி இருக்கான்னு பில்லைத் தேடுங்கள்; பல எஸ்.எம்.பி.எஸ்களுக்கு 3 முதல் 5 வருஷம் வரை, நல்ல மாடல்களுக்கு அதற்கு மேலும் வாரன்ட்டி உண்டு. கடைக்குக் கொண்டு போகும்போது, `ஆன் ஆகலை'ன்னு மட்டும் சொல்லாமல், டெஸ்டர் காட்டிய நம்பரை எடுத்த போட்டோவையும், மாற்றிப் பார்த்தபோது என்ன ஆச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். `மதர்போர்டையும் மாத்தணும்' என்று யாராவது சொன்னால், ஏன்னு கேட்க உங்களிடம் காரணம் இருக்கும்.