ராடை அப்புறம் வாங்குங்கள்

புது வீட்டில் ஜன்னலுக்கு மேலே ராடு முதலில் ஏறிவிடுகிறது. திரைத்துணி பிறகுதான் வருகிறது. பாதித் தொல்லை அங்கேயே தொடங்குகிறது. எந்த ராடு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரையின் மேல்விளிம்பு, அதாவது அது தொங்கும் விதம்.

இன்று கடைகளில் அதிகம் விற்பது ஐலெட் திரை. மேல்விளிம்பில் வட்ட வளையங்கள் பதித்திருக்கும். ராடு அவற்றுக்குள் நேராக நுழையும். ஒரு இன்ச் ராடுக்கு வளையத்தின் துவாரம் ஒன்றரை இன்ச் இருந்தால் இழுக்கச் சுலபம். வளையங்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். ராடு துணியின் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் போவதால், எட்டு வளையம் என்றால் இரு ஓரங்களும் சுவர்ப் பக்கம் மடங்கும். ஏழு என்றால் ஓர் ஓரம் மட்டும் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். தையல்காரரிடம் வளையம் அடிக்கக் கொடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஆறு அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் அரை அடி தள்ளினால் ராடு ஏழு அடி. மடிப்பு அழகாக விழ, துணி ராடின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். நான்கு அடி அகலத் திரை மூன்று வாங்கினாலே பன்னிரண்டு அடி வந்துவிடும், கணக்குக்குப் போதும். ஆனால் ஏழு அடி ராடு நடுவில் தொய்யாமலிருக்க அங்கே ஒரு பிராக்கெட் வேண்டும். ஐலெட் வளையம் அதைத் தாண்டாது. மூன்றாவது திரை ஏதாவது ஒரு பக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே நான்கு வாங்கி, பக்கத்துக்கு இரண்டாகப் பிரிப்பதே சரி.

நடுவில் தடையே வேண்டாம் என்பவர்களுக்குப் பிஞ்ச் பிளீட். துணியை மும்மூன்று மடிப்பாகக் கிள்ளித் தைத்து, பின்புறம் கொக்கிகள் மாட்டுவார்கள். அந்தக் கொக்கிகள் சீலிங் டிராக்கின் ரன்னரில் மாட்டினால் திரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடையின்றி ஓடும். ராடுதான் வேண்டுமென்றால், அடியில் சிறு கண் வைத்த தனி வளையங்களைக் கோத்து, அந்தக் கண்ணில் கொக்கியை மாட்டலாம். அப்போது நடு பிராக்கெட் சிக்கல் திரும்பவும் வரும். துணி இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆகும், தையற்கூலியும் கூடும். என் கணக்கில் ஹாலுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். துவைக்கும் முன் கொக்கிகளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வாஷிங் மெஷினில் துணி கிழியும்.

துணியாலேயே பட்டைக் காதுகள் வைத்த டேப் டாப் பார்க்க அழகு. ஆனால் காதுகள் ராடில் உரசி நகர மறுக்கும், இடைவெளியில் வெயிலும் எட்டிப் பார்க்கும். தினமும் திறந்து மூடாத ஜன்னலுக்கு அது போதும்.