மறுக்கப்பட்ட கோரிக்கையும் இரு வாயில்களும்

காப்பீட்டு நிறுவனம் ஒருவரது இழப்பீட்டுக் கோரிக்கையை மறுத்துவிட்டால், நீதி கேட்க இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். மற்றொன்று, மக்கள் வழக்கில் நுகர்வோர் நீதிமன்றம் எனப்படும் நுகர்வோர் குறைதீர் ஆணையம். எந்த வாயிலை எப்போது தட்டுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஈரோட்டைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பதாகக் கொள்வோம். ஆண்டுப் பிரீமியம் 14,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. மருத்துவச் செலவு 2,80,000 ரூபாய். நிறுவனமோ, "உங்களுக்குப் பத்தாண்டுகளாக இரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டீர்கள்" என்று கூறிக் கோரிக்கையை மறுக்கிறது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பில் உள்ள ஒரு வரியே அதற்குச் சான்று. அந்த வரி தவறானது. இரத்த அழுத்தம் அவருக்குச் சென்ற ஆண்டுதான் கண்டறியப்பட்டது. மருத்துவமனைக்குக் கட்டிய பணமோ வட்டிக்கு வாங்கியது.

அவர் முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்து மூலம் முறையிடுவது. மறுப்பு வந்தாலோ, ஒரு மாதத்திற்குள் விடை வராவிட்டாலோ, அடுத்த ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. அங்குக் கட்டணம் இல்லை; வழக்குரைஞரும் இல்லை. 50 இலட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது.

குறிப்பில் நேர்ந்த பிழையை ஏற்றுக்கொண்டு மருத்துவர் திருத்தக் கடிதம் தந்துவிட்டால், நெசவாளருக்கு இவ்வழியே போதும். தாள்களைப் பார்த்தாலே உண்மை விளங்கும். கேட்கும் தொகையும் மருத்துவச் செலவு மட்டுமே.

மருத்துவமனை திருத்தம் தர மறுத்தால் நிலைமை மாறுகிறது. குறைதீர்ப்பாளரால் மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியாது. நேரடியாக ஏற்பட்ட இழப்புக்கு மேல் மன உளைச்சலுக்கென்று அவர் தொகை வழங்குவதற்கும் இடமில்லை. நுகர்வோர் ஆணையத்திலோ காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை ஆகிய இரண்டையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்கலாம். பழைய மருத்துவ ஆவணங்களை வரவழைக்கவும், சாட்சியை அழைத்து உறுதிமொழியின்பேரில் விசாரிக்கவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. மருத்துவச் செலவுடன் வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கோரலாம். நோயை மறைத்தார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அவ்வாறு குற்றம் சாட்டும் நிறுவனத்தையே சாரும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கை எந்த ஆணையத்தில் தொடுப்பது என்பதைக் கோரும் தொகை தீர்மானிப்பதில்லை. செலுத்திய தொகையே தீர்மானிக்கிறது. அத்தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மாவட்ட ஆணையமே போதும். ஐந்து இலட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆதலால் நெசவாளர் தாம் வாழும் மாவட்டத்திலேயே கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம். தாமே வாதாடவும் செய்யலாம். முறையீட்டுடன் பாலிசி, மறுப்புக் கடிதம், மருத்துவ ஆவணங்கள், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

இவ்வழிக்கும் எல்லைகள் உண்டு. மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினும், நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. வென்ற பின்னும் நிறுவனம் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியை அது முதலில் கட்டியாக வேண்டும். வட்டிக் கடனில் தவிப்பவருக்கு இக்காலத் தாழ்ச்சி சிறு செய்தியன்று.

இவ்விரு வாயில்களிலும் நுழையும் வரிசை முதன்மையானது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலோ, முடிந்திருந்தாலோ, அதே குறையைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். குறைதீர்ப்பாளரின் தீர்ப்பில் நிறைவு பெறாதவர் அதனை ஏற்காமல் ஆணையத்திற்குச் செல்லத் தடையில்லை. ஆயினும் வழக்குக்கான காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். தாமதத்திற்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம். எனினும் அதனை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது.

எனவே, மறுப்புக் கடிதம் கையில் கிடைத்தவுடன் அதன் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, 'என் பக்கத்து உண்மை தாள்களிலேயே இருக்கிறதா? அன்றி, ஒருவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால்தான் வெளிப்படுமா?' என்று தம்மைத் தாமே வினவ வேண்டும். முன்னதாயின் குறைதீர்ப்பாளர், பின்னதாயின் நுகர்வோர் ஆணையம்.