அந்த இலக்கத்தை நிறுத்துங்கள்: தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதும் ஒரு கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

2024 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி தன்னுடைய கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, எனக்குப் பொதி ஒண்டு வந்திருக்காம். விலாசம் பிழையாம். எண்பத்தைஞ்சு ரூபா கட்டினால்தான் கொண்டுவந்து தருவினமாம். இது உண்மையோ?"

தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த குறுஞ்செய்தி அது. கீழே ஒரு லிங்க். மாமியின் தங்கச்சி கனடாவில் இருக்கிறார், இடைக்கிடை பொதி அனுப்புவார். ஆகவே செய்தி அவருக்குப் புதினமாகத் தெரியவில்லை. அதே இலக்கத்திலிருந்து இரண்டு கிழமைக்குள் வந்த நான்காவது செய்தி அது என்பதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

தபால் திணைக்களத்தின் பெயரில் இப்படியான போலிச் செய்திகள் வருவதாகத் திணைக்களமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அந்த 85 ரூபா ஒரு சாட்டு மட்டும்தான். லிங்கை அழுத்தினால் திணைக்களத்தின் இலச்சினையோடு ஒரு பக்கம் திறக்கும். அதில் வங்கி அட்டையின் இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கங்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். கடைசியாக வங்கி உங்களுக்கு அனுப்பும் ஓ.டி.பி.யையும் கேட்பார்கள். நீங்கள் 85 ரூபாவுக்கு என்று நினைத்துக் கொடுக்கும் அந்த ஓ.டி.பி., அதே நிமிடத்தில் வேறெங்கோ பெரிய தொகையொன்றை எடுப்பதற்குப் பயன்படும். மாமியிடம் வங்கி அட்டை இல்லை. அதனால் தப்பினார்.

"நம்பரை ப்ளொக் பண்ணிவிடுவம் மாமி" என்றேன்.

"எனக்கு வராமல் விட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும்தானே" என்றார்.

அதுதான் விசயம். தொலைபேசியில் ஓர் இலக்கத்தைத் தடுத்தால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அனுப்புபவர் தொடர்ந்து மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். தெரியாத இலக்கங்களை எல்லாம் தவிருங்கள் என்று மாமியிடம் சொல்லவும் என்னால் முடியாது. அவருடைய மகன் 2008இல் காணாமல் போனவர். தெரியாத இலக்கத்திலிருந்து எது வந்தாலும் அதை ஒருமுறை திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இப்படியான வீடுகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு. ஆகவே, அந்த இலக்கத்தையே நிறுத்தும்படி தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்தோம்.

எந்த நிறுவனத்துக்கு எழுதுவது?

செய்தியை அனுப்பியவர் யார் என்ற இடத்தில் மூன்று விதமாக ஏதாவது இருக்கும். முதலாவது, 07 இல் தொடங்கும் பத்து இலக்க உள்நாட்டு எண். இரண்டாவது, எண்ணுக்குப் பதிலாக ஒரு வங்கியின் அல்லது திணைக்களத்தின் பெயர். மூன்றாவது, வெளிநாட்டு எண், அல்லது வட்ஸ்அப் போன்ற செயலியில் வந்த செய்தி.

மூன்றாவதில் உள்ளூர் நிறுவனத்தால் செய்யக்கூடியது குறைவு. வட்ஸ்அப் செய்தி அவர்களுடைய குறுஞ்செய்தி வழியாக வருவதே இல்லை. அதைச் செயலிக்குள்ளேயே முறையிட வேண்டும். இரண்டாவது வகை ஆபத்தானது. பெயரை வைத்தே தொலைபேசி செய்திகளை ஒன்றாக அடுக்குவதால், உண்மையான வங்கிச் செய்திகளுக்குக் கீழேயே போலியும் வந்து நிற்கும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 790 பேர் இப்படித்தான் ஏமாந்தார்கள். 13 மில்லியன் சிங்கப்பூர் டொலருக்கு மேல் போனது. அதன் பிறகு, பெயரில் செய்தி அனுப்புபவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 31 முதல் அங்கே கட்டாயமானது.

மாமிக்கு வந்தது முதலாவது வகை. இதில்தான் கடிதத்துக்கு வலு அதிகம். ஏனென்றால் அந்த சிம்மை வழங்கிய நிறுவனத்தால் அதை நிறுத்த முடியும். எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டும். 070, 071 மொபிடெல். 072, 078 ஹட்ச். 074, 076, 077 டயலொக். 075 எயார்டெல், அது 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. மாமியின் நிறுவனம் வேறு, அனுப்பியவரின் நிறுவனம் வேறு. கடிதத்தை அனுப்பியவரின் நிறுவனத்துக்கு எழுதி, பிரதியை மாமியின் நிறுவனத்துக்கு வைத்தோம்.

முதற் கடிதம் ஏன் பயன்படவில்லை?

நான் எழுதிய முதற் கடிதம் ஒரு முழுப் பக்கம். மோசடியால் ஏழைச் சனம் படும் பாட்டை எல்லாம் எழுதியிருந்தேன். அனுப்பிய இலக்கத்தையும் எழுதியிருந்தேன். செய்தி எத்தனை மணிக்கு வந்தது, எந்த இலக்கத்துக்கு வந்தது என்று எழுதவில்லை. அந்த விபரங்களைக் கேட்டுத்தான் பதில் வந்தது.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் ஒரு வரி இருக்கும். எந்த எண்ணிலிருந்து, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பது அந்த வரியில் இருக்கும். செய்தியில் என்ன எழுதியிருந்தது என்பது அந்த வரியில் இராது. அது உங்கள் தொலைபேசியில்தான் இருக்கிறது. உங்கள் ஸ்கிரீன்ஷொட் செய்தி என்ன சொன்னது என்பதைக் காட்டும், அவர்களுடைய பதிவு அது உண்மையில் அனுப்பப்பட்டதைக் காட்டும். இரண்டையும் பொருத்துவதற்கு இருக்கும் ஒரே பிடி நிமிடம் வரையான நேரம்.

அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டால், அதே இலக்கம் அதே மணித்தியாலத்தில் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறது என்பதையும் அவர்களால் பார்க்க முடியும். சாதாரண ஒருவர் நூற்றுக்கணக்கான தெரியாத எண்களுக்கு வரிசையாகச் செய்தி அனுப்புவதில்லை. ஒருவருடைய முறைப்பாடு பலருடைய முறைப்பாடாக மாறுவது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது கடிதம்

இரண்டாவது தடவை எழுதியது இது. இலக்கங்களை மட்டும் மறைத்திருக்கிறேன்.

*முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.*

*விடயம்: மோசடி லிங்குகளைத் தொடர்ந்து அனுப்பும் 07x xxx xxxx என்ற இலக்கத்தை நிறுத்தக் கோருதல்.*

*மேற்படி இலக்கத்திலிருந்து 07x xxx xxxx என்ற எனது இலக்கத்துக்குப் பின்வரும் நேரங்களில் தபால் திணைக்களத்தின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன: 2024.11.09 பி.ப. 4.12, 2024.11.13 மு.ப. 9.47, 2024.11.16 பி.ப. 1.30, 2024.11.21 பி.ப. 3.55. நான்கிலும் வங்கி அட்டை விபரங்களைக் கேட்கும் லிங்க் இருந்தது. ஸ்கிரீன்ஷொட்கள் இணைக்கப்பட்டுள்ளன. இந்த இலக்கத்துக்கு நான் பதில் அனுப்பவில்லை, பணமும் செலுத்தவில்லை.*

*1. உங்கள் பதிவுகளைச் சரிபார்த்து இந்த இலக்கத்தின் சேவையை நிறுத்துமாறும், 2. பொலிஸாரோ நீதிமன்றமோ கேட்கும்போது கொடுப்பதற்காக இது தொடர்பான பதிவுகளைப் பாதுகாத்து வைக்குமாறும், 3. இந்த முறைப்பாட்டின் தொடர் இலக்கத்தை எனக்குத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

கீழே மாமியின் பெயர், விலாசம், கையொப்பம். இங்கே ஒரு சிக்கல் வந்தது. மாமியின் சிம் காலமான கணவரின் அடையாள அட்டையில் எடுத்தது. இணைப்பின் உரிமையாளர் என்று மாமி கையொப்பமிட முடியாது. முதலில் கிளைக்குப் போய் இணைப்பை அவருடைய பெயருக்கு மாற்றினோம். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் முறைப்பாட்டுக்கு முன்னரே மாற்றிக்கொள்ளுங்கள்.

லிங்கைக் கடிதத்தில் எழுதும்போது யாரும் தவறி அழுத்தாதபடி உடைத்து எழுத வேண்டும். http என்பதை hxxp என்றும், புள்ளியை [.] என்றும் எழுதுவது வழக்கம். எது போலி என்று பார்க்கும் முறையும் இலேசானது. இந்த முகவரியைப் பாருங்கள்:

```
hxxps://slpost.gov.lk.example[.]com/pay
```

தொடக்கத்தில் slpost.gov.lk இருக்கிறது, அது திணைக்களத்தின் உண்மையான முகவரிதான். ஆனால் பார்க்க வேண்டியது தொடக்கத்தை அல்ல. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதலாவது ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இங்கே அது example.com. அந்தப் பக்கம் அவர்களுடையது. முன்னால் இருப்பது வெறும் அலங்காரம்.

கடிதத்தால் முடியாதவை

அனுப்பியவரின் பெயரை நிறுவனம் உங்களுக்குச் சொல்லாது. சொல்லவும் கூடாது. அந்த சிம் வேறு யாரோ ஒரு அப்பாவியின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டிருக்கலாம். ஒரு சிம் யாருடைய பெயரில் இருந்தது என்பதை வைத்தே ஆட்கள் விசாரணைக்குக் கூட்டிச் செல்லப்பட்ட காலத்தை நாங்கள் கண்டவர்கள். ஆகவே இலக்கத்தை முகநூலில் போட்டு 'கள்ளன்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, தேடிப்பிடிக்கும் வேலையைப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

போலிப் பக்கத்தை மூடுவதும் தொலைபேசி நிறுவனத்தின் வேலை அல்ல. அதற்கு 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். தொலைபேசி நிறுவனம் பதில் தராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அது அரச நிறுவனம், தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனம் கொடுத்த தொடர் இலக்கம் அப்போதுதான் உதவும். அட்டை விபரத்தையோ ஓ.டி.பி.யையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பிறகு பொலிஸுக்குப் போங்கள்.

இரண்டாவது கடிதம் போய்ப் பத்து நாட்களின் பின், அந்த இலக்கத்தின் சேவை நிறுத்தப்பட்டதாக மாமிக்கு அறிவித்தார்கள். மூன்று கிழமை கழித்து அதே வசனங்களோடு வேறோர் இலக்கத்திலிருந்து செய்தி வந்தது. ஒரு சிம் போனால் இன்னொன்று எடுப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் புதிய சிம் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். எங்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது கடிதத்தில் இலக்கமும் திகதியும் மட்டும்தான். மாமி செய்தி வந்த நேரத்தைத் தானே கலண்டரில் குறித்து வைத்திருந்தார்.