கண்ணாடியில் ஆவி படிகிறதா?

என் மகள் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். "துணி மாஸ்க் போட்டும் மூக்கெல்லாம் கரியா இருக்கும்மா" என்றாள். அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதைக் கவனித்தேன். மூச்சு வெளியேறும் இடுக்கு வழியேதான் புகையும் உள்ளே வரும்! மேலோரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்தேன், ஆவி நின்றது.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் இரண்டு, மூன்று அடுக்கு போதும். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும். காற்று ஓரமாகப் புகுந்துவிடும்.

2019-ல் வெளியான நேபாள ஆய்வொன்றில், நாலு முறை துவைத்து உலர்த்தியதுமே துணி மாஸ்க்கின் தூசு வடிகட்டும் திறன் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. துணியின் துளைகள் பெரிதாகிவிடுகின்றனவாம். இழுத்தாலும் அப்படித்தான். ஆகவே முறுக்கிப் பிழியாதீர்கள். காய்ந்ததும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். முன்னைவிட வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால், அது இனி அடுப்படிக் கரித்துணிதான்!

ஒன்று, சகோதரிகளே! நுண்ணிய புகையைத் துணி முழுக்கத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்-95 தான் சரி. அதைத் துவைக்கவே கூடாது.