காய்ச்சல் நாளில் இன்சுலின்

காய்ச்சலின்போது சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். அதனால்தான் பட்டினி கிடந்தாலும் அளவு ஏறுகிறது. ‘சாப்பிடவே இல்லையே’ என்று ஊசியை நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. இரவில் நீண்டநேர இன்சுலின் போடுபவர் அதை விட்டுவிட்டால், காலையில் 180 காட்டிய மீட்டர் மாலைக்குள் 320 காட்டக்கூடும். அந்த ஊசி தொடர வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியையும் மாத்திரைகளையும் எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கச் சொல்வார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே, சோறு இறங்காவிட்டால் கஞ்சியை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 300க்கு மேல் இருமுறை காட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.