மாதிரி நேரம் தெரியாமல் துருவத்தைப் படிக்காதீர்கள்

ரோபோ கை ஒன்று நிற்க வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கிறது. அது எவ்வளவு விரைவாக ஆடக்கூடியது என்பதை இயல் அதிர்வெண் (ωn) சொல்கிறது. ஆட்டம் எப்படி அடங்குகிறது என்பதைத் தணிப்பு விகிதம் (ζ) சொல்கிறது: 0 என்றால் அடங்கவே அடங்காது, 1 என்றால் ஆட்டமே இல்லை. 0.5 என்றால் இலக்கை ஏறத்தாழ 16 சதவீதம் தாண்டும்.

எஸ் தளத்தில் இரண்டையும் கண்ணாலேயே படித்துவிடலாம். மையத்திலிருந்து துருவம் இருக்கும் தூரம் ωn. மையத்திலிருந்து துருவத்துக்குப் போகும் கோட்டின் சாய்வில் ζ இருக்கிறது. தணிப்பு மாறாத துருவங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

கணினி தொடர்ந்து பார்ப்பதில்லை. T வினாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. அப்போது துருவம் இசட் தளத்துக்கு மாறும் விதி இது:

z = e^(sT)

இதன்படி துருவத்தின் ஆரம் r = e^(−ζωnT), கோணம் θ = ωnT√(1−ζ²). நேர்கோட்டில் வெளியே போகப் போகக் கோணம் சீராகக் கூடுகிறது, ஆரமோ அடுக்குக்குறி வேகத்தில் சுருங்குகிறது. அதனால் அந்தக் கோடு, 1 என்ற புள்ளியில் புறப்பட்டு மையம் நோக்கிச் சுருளும் சுருள்கோடாகிவிடுகிறது.

ζ = 0.5, ωn = 10 ரேடியன்/வினாடி என்று வைப்போம். T = 0.1 வினாடி என்றால் ஆரம் 0.607, கோணம் சுமார் 50 பாகை. T = 0.01 என்றால் ஆரம் 0.951, கோணம் வெறும் 5 பாகை. கை ஆடுவது ஒரே மாதிரிதான்; துருவம் மட்டும் 1-க்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அடிக்கடி மாதிரி எடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 1-ஐச் சுற்றி எல்லாச் சுருள்களும் நெருங்கி வருகின்றன. அங்கே சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். T = 0.01-க்கான சமன்பாடு இது:

z² − 1.8953z + 0.9048 = 0

குணகங்களை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 1.90, 0.90 ஆகும். அதைக் காரணிப்படுத்திப் பாருங்கள்: (z − 1)(z − 0.9). ஆட்டம் மறைந்துவிட்டது; ஒரு துருவம் சரியாக 1-இலேயே உட்கார்ந்துவிட்டது. சற்றுத் தள்ளிவிட்டால் கை இனி பழைய இடத்துக்குத் திரும்பாது. T = 0.1-க்கான குணகங்கள் 0.7859, 0.3679. இவற்றை அதே போல 0.79, 0.37 என்று முழுமையாக்கினாலும் ζ 0.499 ஆகவே இருக்கிறது.

ஆகவே இசட் தளத்தில் துருவத்தைப் பார்த்து ωn சொல்லவேண்டுமானால் T-ஐக் கேட்டு வாங்குங்கள்:

ωn = √(ln²r + θ²) / T
ζ = −ln r / √(ln²r + θ²)

ζ-க்கு T தேவையில்லை. ஆனால் துருவம் 1-ஐ ஒட்டி இருந்தால், எத்தனை தசம இடம் வைத்துக் கணக்கிட்டார்கள் என்று விசாரிக்காமல் அந்த ζ-ஐ நம்பவேண்டாம்.