இணைந்த ஒலிகள் ஏன் பிரிவதில்லை?

உயிரொலிகள் காலப்போக்கில் இடம் மாறுகின்றன. ஓர் ஒலி நகரும்போது பக்கத்து ஒலியும் சேர்ந்து நகர்ந்தால், எல்லா ஒலிகளும் மாறிய பிறகும் அவற்றுக்கிடையிலான வேறுபாடு அப்படியே இருக்கும். இது சங்கிலி நகர்வு. நகர்ந்த ஒலி பக்கத்து ஒலியோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டால் அது இணைவு. ஆங்கிலத்தின் வரலாற்றில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன.

1400-ஐ ஒட்டிய இங்கிலாந்தில், இன்று ‘டைம்’ எனப்படும் சொல்லில் ஈகாரம் ஒலித்தது. சந்திப்பைக் குறிக்கும் ‘மீட்’ ஏகாரத்தோடு ‘மேட்’ என்று ஒலித்தது. இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ என்ற சொல்லிலும் ஏகாரம்தான், ஆனால் வாயை இன்னும் அகலத் திறந்து சொல்லும் ஏகாரம். ‘நேம்’ என்ற சொல்லில் இருந்தது ஆகாரம். அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் இவை ஒவ்வொன்றும் வாய்க்குள் ஒரு படி மேலே ஏறின. ஆகாரம் அகன்ற ஏகாரமாயிற்று, அகன்ற ஏகாரம் சாதாரண ஏகாரமாயிற்று, ஏகாரம் ஈகாரமாயிற்று. அதற்கு மேல் ஏற இடமில்லாத ஈகாரம் ‘ஐ’ ஆக உடைந்தது. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலி நகர்வு என்று பெயரிட்டார்.

மேலே இருந்தது முதலில் விலகி, காலியான இடத்துக்குக் கீழே இருந்தது ஏறியது என்பது யெஸ்பர்சனின் கருத்து. கீழே இருந்ததுதான் மேலே இருந்ததை நெட்டித் தள்ளியது என்றார் ஆஸ்திரியரான கார்ல் லூயிக். அவர் காட்டிய சான்று அழகானது. வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’ முன்பு ‘ஹூஸ்’. அந்த ஊகாரத்துக்குக் கீழே ஓகாரம் இருந்தது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்த ஓகாரம் முன்பே வாயின் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. தள்ளுவதற்கு ஆள் இல்லாததால் அங்கே ஊகாரம் நகரவில்லை. ஸ்காட்லாந்தின் வட்டாரப் பேச்சில் இன்றும் ‘ஹூஸ்’தான்.

இதுவரை நடந்ததில் எந்தச் சொல்லும் மற்றொன்றோடு குழம்பவில்லை. பிறகு, 1700-ஐ ஒட்டி, இறைச்சி வகைச் சொற்கள் இன்னொரு படி ஏறி, ஏற்கெனவே ஈகாரத்தில் இருந்த சந்திப்பு வகையோடு சேர்ந்துவிட்டன. ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ போன்ற சில மட்டும் பின்தங்கி ‘நேம்’ வகையோடு நின்றுவிட்டன. பழைய வேறுபாடு இப்போது எழுத்துக்கூட்டலில்தான் தெரிகிறது.

சங்கிலி நகர்வைத் திருப்ப ஒரே விதி போதும்: இந்த ஒலி வரும் எல்லாச் சொற்களையும் ஒரு படி கீழே இறக்கிச் சொல்ல வேண்டும், அவ்வளவே. இணைவில் அந்த விதி உதவாது. ஈகாரம் வரும் நூற்றுக்கணக்கான சொற்களில் எது எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு ஒலியில் தடயமே இல்லை. குழந்தை கேட்பது ஓர் ஒலியை. அதிலிருந்து இரண்டு பட்டியல்களை அது உருவாக்க முடியாது. இணைவை மொழியின் உள்வழிகளால் திருப்ப முடியாது என்று 1961-இல் பிரெஞ்சு மொழியியலாளர் போல் கார்த் சொன்னதன் சாரம் இதுதான்.

இந்தக் கொள்கைக்கே ஒரு சிக்கல் எழுந்தது. இறைச்சி வகையும் ‘நேம்’ வகையும் ஒன்றாகவே ஒலித்ததாகப் பதினாறாம் நூற்றாண்டு லண்டனிலிருந்து சான்றுகள் உண்டு. அப்படியானால், பிறகு இறைச்சி வகை மட்டும் தனியே பிரிந்து சந்திப்பு வகையிடம் போனது எப்படி? இதற்கு விடை தேட உதவியது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். அங்குள்ள பழைய பேச்சுவழக்கில் இந்த இரு வகைகளும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். ஜேம்ஸ் மில்ராயும் ஜான் ஹாரிஸும் நுணுகி ஆராய்ந்தபோது, இரண்டும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் முழுக்க ஒன்றாகவில்லை என்று தெரிந்தது. பேசுபவரே ஒன்றுதான் என்று கருதும் இரண்டு ஒலிகளை அவர் நாக்கு பிரித்தே சொல்லக்கூடும். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் இதை அரைகுறை இணைவாகக் கண்டார். லண்டனில் நடந்ததும் இதுவாகவே இருந்திருக்க வேண்டும். ஆகவே இணைவு முடிந்துவிட்டதா என்பதை அறியப் பேசுபவரின் கருத்தைக் கேட்டால் போதாது; ஒலியைப் பதிந்து அளக்கவும் வேண்டும்.

எழுத்தைக் கொண்டு இணைவைப் பிரிக்க முயல்வதன் விளைவு தமிழர்களுக்குப் புதிதல்ல, அது மெய்யொலியில் நடப்பதாக இருந்தாலும். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட ஊர்க்காரர் மேடையேறி ழகரத்தை மீட்க முயலும்போது ‘மக்கள்’ என்பது ‘மக்கழ்’ ஆகிவிடுகிறது. ஒலி கிடைத்துவிட்டது, பட்டியல் கிடைக்கவில்லை.

பட்டியல் வெளியிலிருந்து வந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரின் பழைய பேச்சில் ‘பியர்’ என்னும் மதுவும் ‘பேர்’ என்னும் கரடியும் ஒரே ஒலியாக இருந்தன. வேறுபாட்டைக் காத்திருந்த பிற ஊர்க்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களோடு வளர்ந்த பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியே கற்றார்கள். பழைய இணைவு முதியவர்களின் பேச்சோடு தேய்ந்தது.